உள்ளே பூட்டும் கதவு

காடாம்புலியூர் பஸ் நிறுத்தத்தில் என் மாமா சடையப்பன் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். ‘ஜெர்மனி செல்லும் எங்கள் வினோதினிக்கு வாழ்த்துகள்.’ நான் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அதில் என் முகத்தைவிட அவர் முகம் பெரிது.

பணம் கட்டி அங்கே படிக்க எங்களிடம் வழியில்லை. இருந்தது ‘ஓ-பேர்’ திட்டம் ஒன்றுதான். ஒரு குடும்பத்தோடு ஓராண்டு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சில்லறை வீட்டு வேலை செய்ய வேண்டும். சாப்பாடு, அறை, இன்ஷூரன்ஸ், கைச்செலவு அவர்கள் பொறுப்பு. மொழி வகுப்புக்கும் போகலாம். ஆனால் இருபத்தேழு வயது நிறைவதற்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். எனக்கு இன்னும் இரண்டே மாதம்.

அன்று எங்கள் அண்ணாமலை நகர் வீட்டில், என்னைத் தேர்ந்தெடுத்திருந்த ஜெர்மன் குடும்பத்தோடு கடைசி வீடியோ பேச்சு. மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து என் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டம்மா பெட்ரா சிரித்த முகமாகத்தான் சொன்னாள். “தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார். இரவில் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். உன் கட்டிலை அவர் அறையிலேயே போட்டுவிடுகிறோம். வகுப்பை அப்புறம் பார்க்கலாம். நீ எங்கள் மகள் மாதிரிதானே.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தனி அறை, வாரத்துக்கு முப்பது மணி நேரம், ஒன்றரை நாள் விடுமுறை. ஒப்பந்தத்தில் இதுதான் இருக்கிறது. நோயாளியைக் கவனிப்பது ஓ-பேர் வேலையே இல்லை. நான் வரவில்லை” என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னதும் குதித்தார். “ஒரு கெழவரப் பாத்துக்கறதுல என்னாடி கொறஞ்சிடும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க. போயி எறங்கிட்டு பேசிக்கலாம்.”

“எறங்கனப்புறம் அவுங்க வூட்டுல இருப்பேன் மாமா. அங்க நான் பேசுனா யாரு கேப்பா?”

“ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். என் மானம் போவுது.”

சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்தாள். “நம்ம அப்பா படுக்கையில கெடந்தப்ப நீ ஒரு ராத்திரி முழிச்சியாடா? நான் முழிச்சேன். பகல்ல முந்திரித் தோப்புல நின்னுக்கினே தூங்குனேன். சும்மா கெட.”

மாமா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

நடந்ததை, குடும்பங்களைத் தேடித் தரும் ஏஜென்சிக்கு எழுதினேன். அந்தக் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வீடு நேரத்துக்குக் கிடைக்குமென்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பயமாகத்தான் இருந்தது. போகாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன்.

விண்ணப்பிக்கச் சில நாள்களே இருக்கையில் இன்னொரு வீடு வந்தது. இரண்டு பையன்கள். அவர்களின் அப்பாதான் பேசினார். “ஏதாவது கேட்க வேண்டுமா?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா திரைக்குள் தலையை நீட்டினாள். “தனி ரூமு உண்டான்னு கேளு. உள்ளார பூட்ட முடியுமான்னும் கேளு.”

கேட்டேன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி, சின்ன அறையையும் கதவையும் காட்டினார்.

“வாயால சொன்னா ஆச்சா? பூட்டிக் காட்டச் சொல்லு.”

அவர் உள்ளே நின்று சாவியைத் திருப்பினார். கைப்பிடியை இழுத்தும் காட்டினார். கதவு அசையவில்லை.

“இப்பப் போடுடி கையெழுத்த” என்றாள் அம்மா.