டப்பாவில் ஒட்டிய லேபிள்

மந்தைவெளி சிக்னல் மஞ்சளுக்கு மாறியபோது ஷரஃபுதீன் பிரேக்கைத் தொடவே இல்லை. முறுக்கினான். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் அவன் பரம்பரையையே விசாரித்தார். அவன் காதில் விழவில்லை. கண்ணெல்லாம் நூறடி முன்னால் போய்க்கொண்டிருந்த கறுப்பு ஸ்கூட்டரின் மேல்தான்.

ஓட்டுவது கய்யூம். ஷரஃபுதீனின் மனைவி ஃபிசாவுக்கு அண்ணன். லஸ் கார்னர் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். பின்னால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அமீன். ஷரஃபுதீன் பெற்ற ஒரே பிள்ளை. வயது பதினாலு.

அந்த இடுப்புப் பிடிதான் அவன் வயிற்றில் நெருப்பை வைத்தது. என் வண்டியில் ஏறினால் பின்கம்பியைப் பிடித்துக்கொள்கிற பயல், மாமன் வண்டியில் மட்டும் கட்டிப்பிடித்து உட்காருவானாமே!

ஒரு மாதமாகவே இந்தக் கதைதான். வீட்டில் அமீன் பேசுவதில்லை. ராத்திரி சாப்பாடு பாதித் தட்டிலேயே நிற்கும். விடியுமுன் எழுந்து குளிக்கிறான், தன் கைலியைத் தானே துவைக்கிறான். கேட்டால், "சும்மாத்தான்." ஆனால் ஸ்கூல் விட்டதும் கால் நேராக மாமன் கடைக்குப் போய்விடும். நேற்று எதிர்ச்சாரியில் நின்று ஷரஃபுதீன் கண்ணாலேயே பார்த்தான். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாமனிடம் அமீன் பேசிக்கொண்டே இருந்தான். கய்யூம் அவன் தலையைத் தடவிக் கொடுத்தான்.

கய்யூமுக்கு மூன்றும் பெண். அமீன் பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில், "இவன எனக்குக் குட்த்துடு மச்சான், நா வளத்துக்கறேன்" என்று சிரித்தவன். அன்று எல்லோரும் சிரித்தார்கள். பதினாலு வருடம் கழித்து அந்தச் சிரிப்பு ஷரஃபுதீனுக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது.

இன்றைக்கு விடக்கூடாது. தி.நகர் கடையில் பாதி தைத்த பிளவுஸை மெஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு கிளம்பி, கய்யூம் கடை வாசலிலிருந்தே பின்தொடர்ந்திருந்தான். காலையில் பாலோடு ஒரு ஸ்பூன் விழுங்கும் செரிமான லேகியத்தைக்கூட இன்று தொடவில்லை. தேடினால் டப்பாவும் இடத்தில் இல்லை. அதற்கெல்லாம் ஏது நேரம்?

அடையாறு பாலம் தாண்டி, சின்னத் தெரு ஒன்றில் கறுப்பு ஸ்கூட்டர் நின்றது. கிளினிக் போர்டு. டாக்டர் எஸ்தர், பொது மருத்துவம்.

நெருப்பு சட்டென்று பயமாக மாறியது. என் பிள்ளைக்கு நோயா? அதுவும் எனக்குத் தெரியாமலா? அடுத்த நொடியே பொறாமை திரும்பி வந்தது, இரண்டு மடங்காக. நோய் வந்தாலும் கூட்டிக்கொண்டு வருவது மாமனா?

"சார், டோக்கன்... சார்!"

ரிசப்ஷன் பெண்ணைத் தாண்டிக் கதவைத் தள்ளினான்.

"யாரு நீங்க?" டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஐம்பது வயது, அவசரமே தெரியாத முகம்.

"பெத்தவன்!" ஷரஃபுதீனுக்கு மூச்சிரைத்தது. "இன்னா கய்யூமு, எம்புள்ளைக்கு இன்னா? அப்பன்னு ஒருத்தன் உயிரோட கீறன்ல?"

"மச்சான், கத்தாத. உக்காரு."

"நீ யாரு என்ன உக்காரச் சொல்றதுக்கு?"

டாக்டர் அவனை விட்டுவிட்டு அமீன் பக்கம் திரும்பினார். "தம்பி, இது உன் விஷயம். அத்தா இருக்கலாமா, வெளிய நிக்கட்டுமா? நீ சொல்றதுதான்."

அமீன் முதலில் மாமனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை ஷரஃபுதீனை ஊசியால் குத்தியதுபோல் இருந்தது. கய்யூம் மெல்லத் தலையாட்டிய பிறகுதான் பையன் முனகினான்: "இருக்கட்டும்."

"அப்ப நல்லது. இப்பதான் சொல்ல ஆரம்பிச்சேன்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "தூக்கத்துல தானா விந்து வெளியேறுது. அதத்தான் தம்பி நோய்னு நெனச்சுட்டான். நோயே இல்ல. இந்த வயசுல ஹார்மோன் சுரக்குது, விரைங்க விந்தணு தயாரிக்க ஆரம்பிக்குது. தூங்கும்போது சில நாள் அது தானா வெளிய வந்துடும். கனவு வந்தும் வரலாம், வராமலும் வரலாம். நம்ம கட்டுப்பாட்டுல இல்ல, அதனால யார் மேலயும் தப்பும் இல்ல."

"வாரத்துல ரெண்டு வாட்டி ஆவுது டாக்டர்." அமீனின் குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"ஒருத்தருக்கு வாரம் ரெண்டு, ஒருத்தருக்கு மாசம் ஒண்ணு, சிலருக்கு வராமலேயே போகும். எல்லாமே நார்மல்தான்."

"ஒரு சொட்டுக்கு நாப்பது சொட்டு ரத்தமாம். செல்லுல ஒருத்தரு சொன்னாரு."

"தன்கிட்ட மருந்தும் இருக்குன்னு சொன்னாரா?"

அமீனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "ஆமா. மூணு மாச கோர்ஸ்."

"ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. பலமும் போகாது, ஞாபகமும் போகாது. உடம்பு மறுபடி தயாரிச்சுக்கும். குளிச்சு, துணிய மாத்திக்க, அவ்ளோதான். வலி, எரிச்சல், ரத்தம், சீழ், இதுல ஏதாவது இருந்தா மட்டும் என்கிட்ட வா. இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூணு கிலோ எறங்கிட்ட?"

பதிலைக் கய்யூம் சொன்னான். "தூங்குனாத்தான வரும்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கினு கெடக்கறான் டாக்டர். வயிறு நெறஞ்சா தூக்கம் வரும்னு சோத்தையும் விட்டுட்டான். ஓதுற எடத்துல, ஆயிட்டா குளிப்பு கடமைன்னு சொல்லிக் குட்த்தாங்க. ஏன் ஆவுதுன்னு யாரும் சொல்லல."

இத்தனையும் இவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஷரஃபுதீன் இஞ்ச் டேப்பைச் சுருட்டினான், பிரித்தான், திரும்பச் சுருட்டினான். கடைசியில் அடக்கமுடியாமல் வந்துவிட்டது.

"ஏண்டா, எங்கிட்ட சொல்லக் கூடாதா? நா இன்னா அட்ச்சிடுவனா? அந்தாளு உனக்கு அப்பனா, நா அப்பனா?"

"நா அப்பன்னு சொன்னேனா?" கய்யூம் முதல்முறையாகக் கோபப்பட்டான். "அவன் எங்கிட்டயும் சொல்ல வரல மச்சான். மருந்து வாங்க வந்தான். ஒரு டப்பாவ செல்லுல படம் புடிச்சாந்து காட்டி, இது மாதிரி ரெண்டு வேணும் மாமான்னான். ஒண்ணு போதாதாடான்னு கேட்டப்பத்தான் அழுதான். இன்னொண்ணு யாருக்குன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், இன்னி வரைக்கும் வாயத் தொறக்கல."

காலையில் காணாமல் போன டப்பா ஷரஃபுதீனின் ஞாபகத்துக்கு வந்தது.

அமீன் ஸ்கூல் பையின் ஜிப்பைத் திறந்தான். தகர டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். 'செரிமான லேகியம்' என்று ஷரஃபுதீன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்த லேபிள் பாதி உரிந்து தொங்கியது. அடியில் அச்சிட்ட சிவப்பு எழுத்து: சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சிக்கு.

"அத்தாவுக்கும் இதே பிரச்ன கீது மாமா. தெனம் துன்றாரு, இன்னும் சரியாவல." அமீன் யாரையும் பார்க்காமல் சொன்னான். "நா கேட்டா அவருக்கு அசிங்கமாயிடும்ல? அதான் கேக்கல."

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன போட்டிருக்கிறார்கள் என்று எங்கும் எழுதவில்லை.

"இத இன்னியோட நிறுத்திடுங்க. உள்ள என்ன கலந்திருக்குன்னு தெரியல, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடலாம்." பேனாவை எடுத்தார். "எத்தன வருஷமா சாப்பிடறீங்க?"

இதுவரை ஃபிசாவிடம்கூடச் சொல்லாததை ஷரஃபுதீன் மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இருபத்தாறு வருசம். எக்மோர் லாட்ஜ்ல ஒரு வைத்தியர் குட்த்தாரு. எங்கத்தா வெளிய பெஞ்சில உக்காந்திருந்தாரு." டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்போ எனக்குப் பதினாறு. எனக்கும் இதேதான்டா."