சிவப்பு விழுந்த வரிகள்

ஷீபா என்ற பெண் எழுதி அனுப்பியிருந்த இரண்டு பக்கத்தைப் படித்து முடித்தபோது பேராசிரியர் ஜூலியட்டுக்குக் கோபம்கூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. சிறு வயதிலிருந்தே மண் மேல் பற்றாம். விவசாயம் நாட்டின் முதுகெலும்பாம். இந்த நிறுவனத்தில் ஆய்வு செய்வது அவளுடைய கனவாம். அதையும் ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதித் தொலைத்திருக்கலாம், வரிக்கு வரி தப்பு. நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டால் மண்ணுக்குப் பதில் மீன்வளத் துறைக்கே அனுப்பலாம். ஆறு வருஷம் வேளாண்மை படித்துவிட்டு எழுதுகிற எழுத்தா இது?

பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிற மண், நீர் ஆய்வு நிறுவனம் அது. அந்த ஆண்டு பிஎச்.டி.க்கு உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம். சேர்க்கைக் குழுவில் மூன்று பேர். தலைவர் புகழேந்தி, அவருக்கு அடுத்து ஜூலியட். மூன்றாமவர் கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் வருவார், இவர்கள் இருவரும் ஒத்துப்போனால் தலையாட்டுவார். நுழைவுத் தேர்வில் தேறியவர்கள், ‘எதற்காக இந்த ஆய்வுக்கு வருகிறேன்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். எஸ்.ஓ.பி. என்பார்கள். பாதி விதியை அந்த இரண்டு பக்கம்தான் தீர்மானிக்கும்.

புகழேந்தி கெட்ட மனிதர் இல்லை. போன வருஷம் அவருக்கு வந்த எஸ்.ஓ.பி.க்களில் ஐந்து மாவட்டத்துப் பிள்ளைகளுடைய ஊரில் ஒரே வறட்சி, ஒரே வாக்கியத்தில் வந்திருந்தது. வெறுத்துப்போனவர் இந்த வருஷம் ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டார். எழுதியது மனிதரா, ஏஐயா என்று அது சதவீதம் சொல்லும். நாற்பதைத் தாண்டினால் கோப்பைத் திறப்பதே இல்லை என்று அறிவிப்பிலேயே போட்டுவிட்டார். ஷீபாவுக்கு ஆறு.

“ஆறுதாங்க மேடம். சுத்தமா இருக்கு. இதுல என்ன சந்தேகம்?” என்றார்.

“சுத்தமாத்தான் இருக்கு, தொடச்சு விட்ட மாதிரி. உள்ள ஒன்னுமே இல்லையே சார்.”

ஜூலியட் அந்தக் கோப்பை ஓரமாகத் தள்ளியிருப்பார். தடுத்தது, கூடவே வந்திருந்த அவளுடைய ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். வேளாங்கண்ணிப் பக்கம் கடைமடை வயல் ஒன்றில் இந்தப் பெண்ணும் இன்னொரு மாணவியும் இரண்டு பருவம் உப்பு அளந்தார்கள், ஜிப்சம் போட்டுப் பார்த்த முதல் பருவச் சோதனை தோற்றது, அதை மறைக்காமல் வந்து சொன்னார்கள் என்று அவர் எழுதியிருந்தார். கடிதத்தில் அள்ளி விடுகிற ஆசிரியர்களை ஜூலியட் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் அள்ளி விடுகிறவர் யாராவது ‘தோற்றது’ என்று அள்ளி விடுவாரா? கடிதத்தில் இருக்கிற பெண் வேறு, எஸ்.ஓ.பி.யில் இருக்கிற பெண் வேறு. நேரில் கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று பிடிவாதம் பிடித்து, அவளை நேர்காணல் பட்டியலில் சேர்த்தார்.

ஷீபா வந்தாள். ஒல்லியான பெண், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்தாள். ஜூலியட் சுற்றி வளைக்கவில்லை.

“வயல்ல ஜிப்சம் போட்டீங்களாமே. ஏன் வேலை செய்யலை?”

கைக்குட்டை நின்றது. “அது களர் நிலம்னு நெனச்சோம் மேம். களரா இருந்தா ஜிப்சம் கேட்கும். ஆனா அது உவர். கடல் கிட்ட இருக்கறதால அடியில உப்புத் தண்ணி. வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் உப்பு கீழ போவுது, தண்ணி நின்னதும் திரும்ப மேல ஏறிடுது. குழி தோண்டினோம், முழங்கால் ஆழத்துலயே உப்புத் தண்ணி இருந்துச்சு. வடிகால் இல்லாம எதைப் போட்டாலும் வீண்.”

“அப்புறம்?”

“எத்தனை நாள் நல்ல தண்ணியைத் தேக்கி வெச்சா உப்பு வேருக்குக் கீழ போகும்னு தெரியலை மேம். வயல்ல அதை அளக்க முடியலை. இங்க மண் நிரப்பின பெரிய உருளைத் தொட்டிங்க இருக்கு, கீழ இறங்கற தண்ணியைப் பிடிச்சு அளக்கலாம். அதுக்குத்தான் வந்தேன்.”

புகழேந்தி பேனாவைக் கீழே வைத்தார். ஜூலியட் அந்த இரண்டு பக்கத்தை எடுத்துப் புரட்டினார். இதை விட்டுவிட்டு முதுகெலும்பாம், கனவாம்.

“இதுல ஒரு வரிகூட நீங்க எழுதலையேம்மா.”

ஷீபா புகழேந்தியைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். “எழுதியிருந்தேன் மேம். நானேதான் எழுதினேன். அனுப்பறதுக்கு முன்னாடி, ஏஐ எழுதினதான்னு நெட்ல இலவசமா பார்க்கிற ஒரு சைட்டுல போட்டுப் பார்த்தேன். எண்பதுக்கு மேல காட்டி, சந்தேகப்பட்ட வரிக்கெல்லாம் சிவப்பு போட்டுச்சு. அறிவிப்புல நாற்பதுன்னு போட்டிருந்தீங்க. சிவப்பு விழுந்த வரியெல்லாம் மாத்தினேன். கனவு, லட்சியம்னு எழுதினதைத் தப்புத் தப்பா எழுதினா சிவப்பு போயிடுச்சு. ஆனா உப்பு அளந்தது, குழி தோண்டினது எல்லாம் காலேஜ்ல சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். அதை வேற எப்படி எழுதறதுன்னு தெரியலை. எடுத்துட்டேன்.”

ஆய்வகத்து ஆங்கிலம் உலகம் முழுக்க ஒரே அச்சுதான், அடுத்த சொல் இதுதான் என்று யாரும் ஊகிக்கலாம். மென்பொருள் அந்த ஊகத்தை வைத்துக்கொண்டுதான் ‘இது ஏஐ எழுதியது’ என்று முடிவு கட்டுகிறது. பாடப் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் அதில் நன்றாக மாட்டிக்கொள்வார்கள். ஜூலியட்டுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“இது கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?” புகழேந்தி எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

“உரக் கம்பெனியில விற்பனை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க சார். போன வருஷமே போயிருக்கணும். வீட்ல ஒரு வருஷம் பொறுத்தாங்க, இதுக்கு மேல கேட்க முடியாது.”

அவளை அனுப்பும்போது புகழேந்தி எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் என்ன அர்த்தம் என்று ஜூலியட்டுக்குத் தெரியும். ஷீபாவுக்கும் புரிந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது. கதவு வரை போனவள் பிடியில் கை வைத்தபடி நின்றாள், திரும்பி வந்தாள்.

“சார், ஒன்னு சொல்லணும். இதை நான் தனியா செய்யலை. குழி தோண்டிப் பார்க்கலாம்னு சொன்னது ஹுமைரா. நாகூர்ப் பொண்ணு, என்னோட படிச்சவ. அவளும் இதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கா. அவளுக்கும் சிவப்பு வந்துச்சு. ‘நான் எழுதினதை நானே ஏன் வெட்டணும்’னு அப்படியே அனுப்பிட்டா. அவளைக் கூப்பிடவே இல்லை.”

“ஒரே இடம்தான்னு தெரியும்ல?” என்றார் புகழேந்தி.

“தெரியும் சார்.”

அவள் போன பிறகு புகழேந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தப் பொண்ணுக்கே கொடுத்துடலாம் மேடம். விதிப்படி வந்திருக்கா, நல்லாப் பேசினா. பழசை எதுக்குக் கிளறணும்?”

ஜூலியட்டுக்கும் மனம் அதையேதான் சொன்னது. உண்மையைச் சொன்னதற்காக ஒரு பெண்ணைத் தண்டிப்பதா? “எனக்கும் ஆசைதான் சார். ஆனா அவ சொல்லிட்டுப் போயிட்டாளே. கேட்காத மாதிரி நாம எப்படி உட்காருறது? திறந்தா எல்லாக் கோப்பையும் திறக்கணும். ஹுமைராவுக்கு மட்டும்னா அதுவும் அநியாயம்.”

திறந்தார்கள். நாற்பதைத் தாண்டிய அத்தனையும் மேசைக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பலது வெறும் பதர், மென்பொருள் பிடிக்காவிட்டாலும் ஜூலியட்டே தூற்றியிருப்பார். ஹுமைராவின் கோப்பில் எழுபத்தெட்டு என்று இருந்தது. ஜூலியட் வாய்விட்டுப் படித்தார்.

ஜிப்சம் போடாத பாத்தி ஒன்றை முதல் பருவத்தில் ஒதுக்கி வைக்க மறந்துவிட்டோம். எதோடு ஒப்பிடுவது? அந்தப் பருவத்து எண்கள் எதற்கும் உதவாதவை. மறந்தது என் தவறு. அடுத்த பருவம் ஷீபாவும் நானும் பாத்தி பிரித்து மறுபடி அளந்தோம். குழியில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் நாங்கள் கேட்ட கேள்வியே தவறு என்று தெரிந்தது. உங்கள் நிறுவனத்து உருளைகளில் இதுவரை வெளியான கட்டுரைகள் எல்லாம் மேட்டு மண்ணை வைத்துச் செய்தவை. அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும் கடைமடை மண்ணில் அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

புகழேந்தி கையை நீட்டித் தாளை வாங்கி மறுபடி படித்தார்.

“தப்பு எங்கன்னு சொல்றா, யாரோடதுன்னு சொல்றா,” என்றார் ஜூலியட். “கூட வேலை செஞ்சவ பேரைப் போடறா. நம்ம கட்டுரையைப் படிச்சிட்டு அதுல ஓட்டை எங்கன்னும் காட்டறா. அந்த வாத்தியார் கடிதத்துல இருக்கறதோட ஒத்துப்போகுது. நாம எஸ்.ஓ.பி.யில தேடறது இதுதானே சார்? எழுபத்தெட்டுங்கறது இதுல எதைச் சொல்லுது?”

“ஏஐகிட்ட விவரத்தைக் கொடுத்து எழுதவெச்சிருந்தா?”

“இருக்கலாம். தாளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, அந்த மென்பொருளாலயும் முடியாது. ஆளைக் கூப்பிட்டுக் கேட்போம். செய்யாதவ ரெண்டாவது கேள்வியில நின்னுடுவா.”

விட்டுப்போன கோப்புகளில் விஷயம் இருந்த மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ஹுமைரா இரண்டாவது கேள்வியில் நிற்கவில்லை, பத்தாவதிலும் நிற்கவில்லை. உப்பு மேலே ஏறுகிற வேகத்தைப் பற்றி ஜூலியட் ஒன்று சொன்னபோது, “களிமண்ணுல அப்படி இருக்காது மேம்,” என்று வெள்ளைப் பலகைக்கே எழுந்து போய் வரைந்து காட்டினாள். அவள் சொன்னது சரி. திரையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் முதல்முறையாகத் தலையாட்டாமல் வாய் திறந்து, “இவங்கதான்,” என்றார்.

ஜூலியட்டும் அதையேதான் எழுதினார், மதிப்பெண்ணில் வஞ்சனை செய்யவில்லை. ஷீபா இரண்டாவது. இன்னோர் உதவித்தொகை கிடைக்குமா என்று இயக்குநர் வரைக்கும் போய்க் கெஞ்சிப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். அறிவிப்பிலிருந்து அந்த நாற்பதை எடுத்துவிடுவதாகப் புகழேந்தி தானாகவே சொன்னார், அடுத்த வருஷத்திலிருந்து. அடுத்த வருஷத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்வாள் என்று ஜூலியட்டுக்கு அழுகை வந்தது.

அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஷீபாவுக்குப் போன் செய்தார். நேராகச் சொன்னார். கிடைத்தது ஹுமைராவுக்கு என்றும் சொன்னார், உன்னிடம் குறை ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

“மேம், நான் வந்து சொன்னதாலதான்னு ஹுமைராகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லம்மா. குழுவுக்கு வெளிய யாருக்கும் தெரியாது.”

“சொல்லிடாதீங்க மேம். தெரிஞ்சா அவ சீட்டு வேணாம்னுடுவா.”

ஜூலியட் சரி என்றார்.