ஸ்டியரிங் ஒண்ணு, பிரேக் ரெண்டு

பிரேக் அக்காவுக்கு அந்தப் பேர் வந்ததே அவளுடைய வலது காலால்தான். அவள் நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் ஒரே காரில், அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஸ்டியரிங் மட்டும் ஒன்றே ஒன்று, அது பழகுகிறவர் கையில்.

இன்று சாயங்காலத்தோடு காரின் இன்சூரன்ஸ் முடிகிறது. இன்சூரன்ஸ் ஆபீஸில் பாலிசி எழுதும் அதிகாரி நீட்டிய புதுப் பாலிசித் தாளைப் படித்தவளுக்குப் பகீரென்றது. முதல் பக்கத்தில், ‘ஓட்டுநர் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.’ அடுத்த பக்கத்தில், ‘வண்டி முழுக்கப் பயிற்சியாளரின் கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டுமே இழப்பீடு.’

"என்ன சார், இந்தக் கையால குடுத்து அந்தக் கையால பிடுங்கறீங்க?"

"போன மாசம் உங்க கார்ல பழகின பல் டாக்டர் சுவத்துல இடிச்சாரே. உங்ககிட்ட பிரேக் இருந்துச்சு, அப்புறம் எப்படி இடிக்கும்?"

"பிரேக் போட்டேன். அதுக்குள்ள அவர் ஸ்டியரிங்கை ஒடிச்சுட்டார்."

"டூயல் கண்ட்ரோல்னாலே கண்ட்ரோல் உங்களுடையதுதான் மேடம்."

அந்த வரியோடு வண்டியை எடுத்தால், யாராவது இடித்த அன்றே ஸ்கூலுக்குப் பூட்டு. அவளுக்கு அழுகை முட்டியது. அதற்கு முன்னால் கோபம் வந்தது, நல்லதாய்ப் போயிற்று.

"கீழ வாங்க சார். என் சீட்ல நீங்க உட்காருங்க. இன்னிக்கு நான்தான் பல் டாக்டர்."

ஆபீஸ் வளாகம் காலியாக இருந்தது. அதிகாரி ஜம்மென்று உட்கார்ந்து, பிரேக்கில் கால் வைத்தார். அக்கா ஆமை வேகத்தில் நகர்த்தி, புதுசாகப் பழகுகிறவள் மாதிரி ஸ்டியரிங்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினாள். அதிகாரி பிரேக்கை மிதித்தார், கொஞ்சம் தாமதமாக. மேனேஜர் ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டி சுக்குச்சுக்காக உடைந்தது.

மாடி ஜன்னலில் மேனேஜர் தலை தெரிந்தது. "யாருய்யா வண்டி ஓட்டினது?"

"நான் பிரேக் போட்டேன் சார்," என்றார் அதிகாரி பரிதாபமாக. "அவங்கதான் திருப்பினாங்க. ஸ்டியரிங் எனக்கு எட்டாதே. நான் என்ன பண்ண முடியும்?"

"இதைத்தான் சார் நானும் சொன்னேன்," என்றாள் அக்கா. "தொட்டியை நான் வாங்கித் தர்றேன், கிளெய்மெல்லாம் கேட்க மாட்டேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார், அக்காவுக்கும் அடக்க முடியவில்லை.

அங்கேயே, டாஷ்போர்டில் தாளை வைத்து அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘பழகுநர் உரிமம் உள்ளவர் ஓட்ட, முழு உரிமம் பெற்ற பயிற்சியாளர், நன்றாக இயங்கும் இரண்டாவது பிரேக்குடன் பக்கத்து இருக்கையில் இருந்தால் இழப்பீடு உண்டு.’ பேனாவை மூடப் போனவர், மறுபடி திறந்து ஒரு வரி சேர்த்தார்.

‘பயிற்சியாளர் பிரேக் போட்டும் வண்டி மோதினால்கூட.’