நீல மூடி

ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையைப் போன தடவை நான் எப்படிக் கோட்டை விட்டேன்னு கேளுங்க. ரத்தம் உறையுற நேரம் பார்க்க எந்த மூடி போட்ட குழாய்ல ரத்தம் எடுப்பீங்கன்னு கேட்டாங்க. நீல மூடி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அன்னிக்கு 'நீ' தொண்டையிலேயே சிக்கிக்கிச்சு. எங்களை மாதிரி திக்குறவங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். வராத வார்த்தையை விட்டுட்டு வர்ற வார்த்தையைச் சொல்லிடுவோம். 'ஊதா'ன்னு சொல்லித் தொலைச்சேன். பதில் தப்பு, வேலை போச்சு.

இப்போ வேற ஒரு கூடத்துல கூப்பிட்டாங்க. வீட்டுல ஒத்திகைக்குத் தம்பி சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் டை கட்டிக்கிட்டு உக்காந்து அதிகாரி வேஷம் போட்டான். நான் திக்கும்போதெல்லாம் அவனே வார்த்தையை முடிச்சுக் கொடுத்தான்.

"வாயை மூடுடா! இன்டர்வியூ உனக்கா, எனக்கா?"

பேச்சுப் பயிற்சியாளர் சொன்னதைத்தான் பழகினேன். திக்கும்னு முதல்லயே சொல்லிடு. சிக்கினா சிக்கட்டும், அதே வார்த்தையில நில்லு.

அங்க போனதும் சொன்னேன். "எனக்குத் தி-திக்கும். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்."

"விண்ணப்பத்துல எழுதியிருந்தீங்களே, பார்த்தோம்மா. அடுத்து வர்றவரைக் கொஞ்சம் நேரம் தள்ளித்தான் வரச் சொல்லியிருக்கோம். நிதானமா பேசுங்க"ன்னாங்க ஆய்வகத் தலைவி.

வந்துச்சு பாருங்க, அதே கேள்வி! "நீ... நீ..."

பக்கத்துல இருந்த மேனேஜர் நான் சொல்றதைக் கவனிக்காம கடிகாரத்தைப் பார்த்தார். "ஊதாவா?"

அடப்பாவி மனுஷா! தலையை ஆட்டினா போதும், இந்த அவஸ்தை முடிஞ்சுடும். கழுத்து ஆடப் பார்த்துச்சு.

"சார், பதில் அவங்களோடது. அவங்களே சொல்லட்டும்." தலைவி பேனாவைக் கீழ வச்சுட்டு என் முகத்தைப் பார்த்தாங்க. அதுல பரிதாபம் இல்ல. பதில் என்னன்னு கேக்கத்தான் காத்திருந்தாங்க.

"நீ... நீல மூடி!"

"குழாய் சரியா நிரம்பலைன்னா?"

"அ-அனுப்ப மாட்டேன். உள்ள இருக்குற மருந்துக்கும் ர-ரத்தத்துக்கும் அளவு பொருந்தலைன்னா ரிசல்ட் தப்பா வரும். தி-திரும்ப எடுப்பேன்."

அதுக்கப்புறமும் எத்தனையோ இடத்துல சிக்கினேன். ஒரு வார்த்தையைக்கூட மாத்தல! வெளிய வந்தப்போ கால் தரையில நிக்கல எனக்கு.

மறுநாள் போன் அடிச்சுது. அதே மேனேஜர். "உங்களை எடுத்திருக்கோம். எப்போ வந்து சேருவீங்க?"

தம்பி எனக்காகப் பதில் சொல்லப் போனைப் பிடுங்க வந்தான். போட்டேன் கையில ஒண்ணு.

"நா... நா..."

போன்ல சத்தம் வரலைன்னா ஜனங்க 'ஹலோ ஹலோ'ன்னு கத்திட்டு வச்சுடுவாங்க. அவர் வைக்கல.

"லைன்லதாங்க இருக்கேன். மெதுவாவே சொல்லுங்க."

"நாளைக்கே!"