மேசைதான் இடித்தது

செஞ்சியில் கட்டில் செய்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. தான் செய்த கட்டிலைத் தானே வாய் ஓயாமல் புகழ்கிறவர் பச்சமுத்து ஒருவர்தான். திண்டிவனம் ரோட்டில் இருக்கும் அவருடைய பட்டறைக்குக் கதவு விலை கேட்க வருகிறவர்கூட அரைமணி நேரம் அந்தப் பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர் தன் ஒரே மகள் தமிழினியின் கல்யாணத்துக்குச் சும்மா இருப்பாரா? அஞ்சடி அகலத்தில் தேக்குக் கட்டில் செய்தார். அதோடு கட்டிலோரம் வைக்க ஒரு ஜோடி மேசையும் செய்தார்.

மேசை விஷயத்தில் மாப்பிள்ளை எழிலுக்கு ஒரு யோசனை இருந்தது. வல்லத்தில் இருந்த அவன் வீட்டில் படுக்கையறை ஏழரை அடிதான் அகலம். கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டால் இந்தப் பக்கம் நடக்க இரண்டரை அடி மிஞ்சும். அதனால் காலில்லாமல் சுவரிலேயே மாட்டுகிற மேசையைப் போனில் காட்டினான்.

“எட்டு இன்ச் ஆழம் போதும் மாமா. போனு, தண்ணி பாட்லு, அவ்ளோதான் வைக்கப்போறோம். பிராக்கெட்டு வெளிய தெரியாத மாதிரி இருக்குது பாருங்க. ரெண்டு கம்பி பலகைக்குள்ள போயிடும். நான் வாங்கியே வச்சிட்டேன்.”

பச்சமுத்து அந்தக் கம்பிகளைக் கையில் வாங்கி, கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எட்டு இன்ச்சா? இன்னா மாப்ள, வெளக்கு வைக்கிற மாடமா அது? பொண்ணுக்கு இன்னா செஞ்சான்னு நாலு பேரு வந்து பாப்பாங்க. பதினஞ்சு இன்ச்சு வைக்கிறேன். கீழ ஒரு டிராயரும் வைக்கிறேன். அதுக்கு இந்தக் கம்பி தாங்காது. உங்க செவுரு நாலரை இன்ச்சு. பலகை நீள நீள முன்னாடி பாரம் இழுக்கும், பின்னாடி ஸ்க்ரூவப் புடுங்கிக்கினு வந்துடும்.”

சொன்னதில் தப்பில்லை. ஒன்றரை அங்குலக் கனத்தில் பதினைந்து அங்குலம் நீட்டிய தேக்கு, அதன் கீழே டிராயர், எல்லாம் சேர்ந்து எட்டு கிலோவுக்கு மேல் வரும். அதை அந்தச் சுவரில் அந்தக் கம்பி நம்பத்தகுந்த விதத்தில் தாங்காது. ஆழத்தைக் குறைத்துவிட்டால் பாரமும் குறையும், இழுப்பும் குறையும், மாப்பிள்ளையின் கம்பியே போதும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆங்கிள் இரும்பில் ஒரு அடி நீளக் கை வைத்துப் பிராக்கெட் அடித்தார். சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கினார். அந்தப் பக்கம் சமையலறை. துருத்திக்கொண்டிருந்த போல்ட்டில் எழிலின் அம்மா மறுநாளே சல்லடையை மாட்டிக்கொண்டார். மேசையின் மேல் பச்சமுத்து ஏறி உட்கார்ந்தே காட்டினார். இம்மி அசையவில்லை.

ஜோடியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதால் கட்டிலின் தலைமாடு தெற்கே வந்தது. அறையின் வாசலும் தெற்கேதான். ஆக, வாசலில் கால் வைத்ததும் இடது பக்கம் கட்டில், வலது பக்கச் சுவரில் மேசை. இன்னொரு மேசை பச்சமுத்து வீட்டுக்கே திரும்பி வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

கல்யாணமாகி நாலு மாதம் ஆனது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டுத் திரும்புகிற வழியில் தமிழினி அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாள். மறுநாள் அவள் கிளம்பிப் போன பிறகு அம்மா ரஞ்சிதம் புருஷனிடம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“பாப்பா பொடவ மாத்தும்போது பாத்தேன். ரெண்டு தொடையிலயும் வெளிப்பக்கம் கன்னிப்போயி இருக்குது. சிலது நீலம், சிலது பழுத்து மஞ்சளாயிடுச்சு. ஒரு நாள்ல பட்டது இல்ல அது.”

“கேட்டியா?”

“கேட்டேன். மேசை இடிச்சிக்கிச்சாம்.”

பச்சமுத்துவின் அக்கா அன்புக்கரசியும் இப்படித்தான் சொல்வாள். ஒரு தடவை நிலைப்படி இடித்தது என்பாள், ஒரு தடவை கிணற்றடியில் வழுக்கியது என்பாள். பார்த்து நடக்கக் கூடாதா அக்கா என்று இவரும் கேலி பேசிக்கொண்டிருந்தார். அந்த நிலைப்படி புருஷனுடைய கைதான் என்று தெரிந்தபோது அக்காவுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அந்தக் கேலியை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

“அடிச்ச கைய ஒடிச்சிட்டு வா” என்றாள் ரஞ்சிதம். ஒரு கோழியை அறுக்கக்கூட மனசு வராதவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பச்சமுத்து வண்டியை எடுத்தார். கருவிப் பை எப்போதும் போல வண்டியில் தொங்கியது. வல்லம் போய்ச் சேருகிற வரைக்கும் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தார். ஒரு பேச்சும் அடியில்லாமல் முடியவில்லை. எழில் மேல் அவருக்குப் பிரியம் இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. பால் வண்டி ஓட்டுகிறவன், பீடி சிகரெட் கிடையாது, மாமா மாமா என்று குழைகிறவன். அன்புக்கரசியின் புருஷனும் குழைகிறவன்தான்.

“தமிழினி!” என்று வாசலில் நின்று கூப்பிட்டார்.

உள்ளே ஏதோ பரபரப்பு. “ஐயோ, நைனாங்க! சீக்கிரம், சீக்கிரம் எடுங்க!” என்று மகளின் குரல் தாழ்ந்து கேட்டது. பச்சமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் நுழைந்தார். படுக்கையறையிலிருந்து எழில் வெளியே வந்தான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“வாங்க மாமா. அம்மா கழனில கல்லாக்கொட்ட பிடுங்கப் போயிருக்குது. உக்காருங்க.”

“கையில இன்னா?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“கயிறு தொங்குது. இன்னாடா அது?”

மாப்பிள்ளையை அவர் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. சமையலறையிலிருந்து டீ கிளாசோடு வந்த தமிழினி அப்படியே நின்றுவிட்டாள்.

“நைனா, இன்னா பேசுற நீ?”

“நீ சும்மா இரும்மா. உங்கம்மா பாத்துட்டா எல்லாத்தையும். இடிச்சதாம், மேசை இடிச்சதாம்! எங்கடா அது, என் பொண்ண நாலு மாசமா இடிக்கிற மேசை? நானும் பாக்கறேன்!”

எழில் “மாமா, வேணாம், மெதுவா…” என்று சொல்லச் சொல்ல அவனைத் தள்ளிவிட்டு, பச்சமுத்து அறைக்குள் பாய்ந்தார்.

இரண்டாவது எட்டு வைத்தாரோ இல்லையோ, வலது தொடையில் யாரோ கடப்பாரையால் குத்தியது போல இருந்தது. “அம்மாடி!” என்று கத்திக்கொண்டு கட்டிலில் சரிந்தார். கண்ணில் பூச்சி பறந்தது. கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை.

மேசையின் மூலை. அவர் இழைத்து இழைத்துக் கூர் நிறுத்திய மூலை. முப்பது அங்குல நடையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. லேசான பிராக்கெட்டாக இருந்தால் இடித்த வேகத்துக்குக் கொஞ்சமாவது விட்டுக்கொடுத்திருக்கும். இது கோட்டைக் கல் போல நின்றது. அதன் மேல் இருந்த தண்ணீர் பாட்டில்கூட ஆடவில்லை.

எழில் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையில் இருந்தது இப்போது மடியில் கிடந்தது. நாலாக மடித்த பழைய துண்டு, கட்டுவதற்கு ஒரு சணல் கயிறு. துண்டின் நடுவில் மூலை அழுத்தி அழுத்தி ஒரு குழி விழுந்திருந்தது.

“இத மூலைல கட்டி வச்சிருந்தோம் மாமா. அது நழுவி நழுவி விழுந்துடுது. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் இப்ப அவுத்தேன்.”

தமிழினிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “விடிய மின்ன ஆஸ்பத்திரி டியூட்டிக்கு மொத பஸ்ஸப் புடிக்கணும் நைனா. இவரு வண்டி விட்டுட்டு வந்து படுக்கவே ஒரு மணி ஆயிடும். லைட்டுப் போட்டா எழுந்துடுவாருன்னு இருட்டுலயே போறேன், வரேன். போகும்போது இந்தக் காலு, வரும்போது அந்தக் காலு. அம்மாகிட்ட உள்ளதத்தான சொன்னேன்?”

“அறுத்துடலாம்னு சொல்லக் கூடாதா?”

“இவரு மாட்டேன்ட்டாரு. மாமா ஆசையா செஞ்சத அறுத்தா நல்லாவா இருக்கும்னு.”

பச்சமுத்து மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்க முடியாமல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் வரும்போது இந்தப் பையனை மனசுக்குள் எத்தனை அடி அடித்தோம் என்று நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கையெடுத்துக் கும்பிடப் போனார். எழில் சட்டென்று அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

“எம் பொண்ண அடிச்சது நான்தான் மாப்ள” என்றார் பச்சமுத்து. “நாலு மாசமா நான்தான் அடிச்சிக்கினு இருந்திருக்கேன்.” சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி அழுதார்.

அழுது முடித்ததும் கேட்டார்: “அந்தக் கம்பி பிராக்கெட்டு வச்சிருக்கீங்களா, தூக்கிப் போட்டீங்களா?”

பீரோ மேல் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

சமையலறைப் பக்கம் போய்ச் சல்லடையைக் கழற்றி வைத்து, நட்டுகளை அவிழ்த்தார்கள். டிராயரைப் பிரித்ததும் பலகை மட்டும் நின்றது. பச்சமுத்து முன்பக்கம் ஏழு அங்குலம் குறித்தார். ரம்பத்தை வைத்தவர் ஒரு நிமிஷம் தயங்கினார். நல்ல நிலம்பூர்த் தேக்கு. தொடை வலி ஞாபகப்படுத்தியது, அறுத்துவிட்டார்.

அறுத்த ஓரத்தை இழைத்து, இரண்டு மூலையையும் தோசைக் கரண்டி போல வளைத்து உருட்டினார். பின் விளிம்பில் கம்பி நுழைய இரண்டு துளை போட்டார். சுவரில் பழைய துளைகளை விட்டு விலகி, சாந்து இணைப்பில் படாமல் செங்கல் நடுவில் துளைத்து, பிளக் இறக்கி, பிராக்கெட்டை முடுக்கினார். பலகையைக் கம்பியில் செருகினார். இரண்டரை கிலோகூட இருக்காது. முன் ஓரத்தில் கை ஊன்றி அழுத்திப் பார்த்தார். நின்றது.

“ஏறி உக்காருவீங்களா மாமா?” என்றான் எழில்.

“இதுமேல உக்காரக் கூடாது. தண்ணி பாட்லும் போனும் வைக்கிறதுக்கு இதுவே ஜாஸ்தி” என்றார் பச்சமுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “எட்டு இன்ச்சுதான் சரி. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்.”

தமிழினியைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டு வரச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே போனாள், வந்தாள். எங்கும் படவில்லை. இன்னொரு தடவை போகச் சொன்னார்.

வீடு திரும்பியபோது ரஞ்சிதம் வாசலிலேயே நின்றிருந்தாள். “கைய ஒடிச்சியா?” என்றாள்.

பச்சமுத்து பையிலிருந்து ஏழு அங்குலத் தேக்குத் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். மூலையில் கட்டிய துண்டு, கயிறு, இருட்டு, முதல் பஸ், ஒன்றையும் விடவில்லை. ரஞ்சிதம் நம்பவில்லை. அவளும் அன்புக்கரசியின் கதையைக் கண்ணால் பார்த்தவள்தானே.

“ரெண்டு பேரும் சேந்து உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க. எல்லாரும் சொல்றதுதான் இது. மேசை இடிக்குமாம்!”

பச்சமுத்து திரும்பி நின்று வேட்டியை வலது தொடை தெரிகிற வரைக்கும் ஒதுக்கினார்.

ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். நீலமாகக் கன்னியிருந்தது. நடுவில் ஒரு மூலையின் தடம். மகளின் காலில் பார்த்ததே இங்கே புதுசாக இருந்தது. அதை விரலால் தொட்டாள். அவர் “ஸ்…” என்றார். நாலு நாளாகப் பிடித்துவைத்திருந்த அழுகை எல்லாம் உடைந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மேசைதான்” என்றாள் அவள். “நெசமாவே மேசைதான்யா.”