கைதட்டலுக்கு அடியில்

காலையில் எழுந்ததும் நல்லசிவம் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழிந்ததும் அணைத்தான். பல் துலக்கினான். குவளையில் இன்னொரு பிரஷ் இப்போதும் இருந்தது. தன்னுடையதைத் திரும்ப வைத்தான். அரிசி களைந்து ஊறப்போட்டான். அடுப்பைப் பற்றவைத்துச் சாயா போட்டுக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஜன்னலைத் திறந்ததும் சுக்கு வாடையும் ஈரச்சாக்கு வாடையும் உள்ளே வந்தன. மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான்.

கூட்டங்களில் பேசப்படுவதைச் சுருக்கி எழுதித் தருவது அவன் தொழில். ஒலிப்பதிவைக் கணினியே எழுத்தாக்கிவிடும். அதை அவன் ஒரு கட்டத்தாளில் பிரிப்பான். மேலே பேசியவர்கள், பக்கவாட்டில் கேள்விகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் சொன்னது அவரவர் கட்டத்தில் விழும். சொல்லாமல் விட்டால் கட்டம் காலியாகவே இருக்கும். காலிக் கட்டத்தைச் சம்மதம் என்று எழுதமாட்டான். கேள்வி கேட்டவரைக் கருத்துச் சொன்னவராக ஆக்கமாட்டான். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களில் ஒலியைப் போட்டுக் கேட்பான்.

இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் அவன் ஒலியைப் போடவில்லை.

பஜாரில் இருக்கும் பழைய மிளகுக் கிடங்கைப் பற்றிய கலந்துரையாடல் அது. கீழே சரக்கு, மாடியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த சுமைத் தொழிலாளர் குடும்பங்கள். சுவர் வாய் பிளந்துவிட்டது. மழைக்காலத்துக்குள் என்ன செய்வது என்று மூன்று பேர் பேசினார்கள்: பொறியாளர் அனில், கிடங்கின் சொந்தக்காரர் செல்லப்பா, வார்டின் சுகாதாரப் பணியாளர் மகா. நடத்தியவர் ராமபத்ரன், ஓய்வுபெற்ற பேராசிரியர்.

மகா அவன் மனைவி. கூட்டத்துக்குப் பிறகு வந்த கோடைமழையில், அதே கிடங்கின் பின்பக்கச் சாக்கடைத் தண்ணீரில் இறங்கி மருந்து தெளித்தாள். எலிக்காய்ச்சல். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். தொண்டையில் குழாய் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

“இந்தச் சுருக்கத்தை வேற யாரண்டையாவது குடுத்துடட்டுமா?” என்று ராமபத்ரன் கேட்டிருந்தார். வேண்டாம் என்றான். எழுத்துதானே என்று நினைத்தான். எழுத்துக்குக் குரல் கிடையாது.

சுருக்கம் தயாராகிவிட்டது. கட்டடம் ஆபத்தானது, மழைக்கு முன் குடும்பங்கள் வெளியேற வேண்டும், இதில் மூவரும் ஒருமனம். முடிவில் ராமபத்ரன், “அப்போ ரூமைக் காலி பண்ணி ஒப்படைக்கறதுல எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்” என்கிறார். அதன் கீழே கணினி ‘கைதட்டல்’ என்று போட்டிருந்தது. நல்லசிவமும் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிவிட்டான். மகாவின் கட்டத்திலும்.

அன்று பகலில் வார்டுக் கூட்டத்துக்கு அது போக வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. முப்பிடாதி. கிடங்கின் மாடியில் இருப்பவள், கீழே இஞ்சி தரம்பிரிப்பவள். இடுப்பில் சாவி தொங்கியது.

“சாப்டியா தம்பி?”

“ஆச்சுக்கா.”

“பொய் சொல்லாத. அரிசி தண்ணியில கெடக்கு.” உள்ளே வராமல் நிலையில் சாய்ந்துகொண்டாள். “செல்லப்பா ஆளு வந்து சொல்லுதான், மகாவே ஒத்துக்கிட்டா, நீங்க என்ன பெரிய இதுன்னு. சாவியக் குடுத்துட்டு இடப்பள்ளி தாண்டி அம்புட்டுத் தூரம் போணுமாம். வெளுப்பாங்காலம், விடியுததுக்கு முன்ன லோடு எறங்கும்போ அங்கேருந்து எங்க வீட்டு ஆளு பறந்தா வருவாரு?”

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ எழுதுததத்தான் ஆபீசுல படிப்பாங்களாமே. அவ ஒத்துக்கிட்டாளா?”

“எழுத்துல அப்படித்தான்க்கா இருக்கு.”

“எழுத்து கெடக்கட்டும். மீன்காரன் சொன்ன வெலைக்கே ஒத்துக்காதவ தம்பி அவ. வாயத் தொறந்து சொன்னாளா?”

“தெரியல.”

“தெரியாமயா எழுதுன?”

அவள் சாவியை முந்தானைக்குள் செருகிக்கொண்டு போனாள். அந்த மாடியில் யாருக்கும் வாடகைப் பத்திரம் கிடையாது. சாவி யாரிடமோ அறை அவருடையது. பஜார் முழுக்க அப்படித்தான். சாவி கைமாறினால் பேச்சு முடிந்தது.

அவன் ராமபத்ரனுக்குப் போன் செய்தான்.

“சார், முடிவுல நீங்க சொன்னது உங்க வார்த்தை. அவங்க மூணு பேர் வார்த்தை இல்ல. அதைச் சம்மதம்னு போட்டுட்டேன். தப்பு.”

“யாரும் மறுக்கலியேடா.”

“மறுக்காததும் ஒத்துக்கறதும் ஒண்ணில்ல சார்.”

“நல்லசிவம், கேளு. அபிப்பிராய பேதம்னு ஒரு வரி இருந்தா போறும், ஃபைலை ஓரமா வெச்சுடுவா. இடவப்பாதி மழை வந்துண்டே இருக்கு. சுவர் விழுந்து நாலு பேர் செத்தா, உன்னோட சுருக்கம் சரியா இருந்துதுன்னு சந்தோஷப்படுவியா?”

அவர் சொன்னதும் நிஜம்தான். அந்தச் சுவரை அவனும் பார்த்திருக்கிறான்.

“கேட்டுட்டுக் கூப்பிடறேன் சார்.”

ஒலிக்கோப்பைத் திறந்தான். முதலிலிருந்து போடவில்லை, முடிவுக்கு நகர்த்தினான். ராமபத்ரனின் குரல். நாற்காலிகள் இழுபடும் ஓசை. கைதட்டல். அதற்கு அடியில் மைக்குக்கு எட்டத்தில் ஒரு குரல். சத்தத்தைக் கூட்டினான். கைதட்டலும் கூடியது. மறுபடி போட்டான். மறுபடி. ஹெட்ஃபோனைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டபோது வார்த்தைகள் தனித்தனியாக வந்தன. இருமல் ஒன்றும் இருந்தது. அந்த இருமலை அவனுக்குத் தெரியும்.

எழுந்து போய் முகம் கழுவினான். குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து சுருக்கத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான்.

கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது, மழை தொடங்கும் முன் எல்லாரும் வெளியேற வேண்டும்: மூவரும் சொன்னார்கள். அதை முதலில் தடித்த எழுத்தில் போட்டான். அதற்குப் பிறகு என்ன என்பதில் மூவரும் மூன்று வழி. செல்லப்பா, இடித்துவிட வேண்டும், திரும்பி வருவதற்கில்லை என்றார். அனில், செப்பனிட்டால் தாங்கும், அதன்பின் அவர்கள் திரும்பலாம் என்றார். அறை யார் பொறுப்பில் இருப்பது என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கட்டம் காலி. இதற்குக் கீழே மகாவின் பெயரை எழுதினான். வெளியேற ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அறையை ஒப்படைக்க ஒப்புக்கொள்ளவில்லை. நடத்துநரின் முடிவுரையை நடத்துநரின் பெயரிலேயே போட்டான்.

அனுப்பியதும் போன் வந்தது.

“நிபந்தனைன்னு எழுதியிருக்கியே, அவ அப்படியா சொன்னா? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

“நீங்க நன்றி சொல்ல எழுந்துட்டீங்க சார்.”

“உன் ஆம்படையாள்ங்கறதால நீயா சேர்த்ததா அவா சொல்லுவா.”

“சொல்லுவாங்க.”

வெளியே கைவண்டிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் ஓட்டின்மேல் விழுந்தது.

“சரி. அவ என்னதான் சொன்னா? உள்ளது உள்ளபடி சொல்லு. மீட்டிங்ல அப்படியே வெச்சுடறேன். அப்புறம் பகவான் விட்ட வழி.”

நல்லசிவம் போனைக் கணினியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒலியைப் போட்டான். கைதட்டல் வந்தது. அதன் அடியிலிருந்து மகா பேசினாள்.

“சார், சாவி அவங்க கையிலதான் இருக்கணும். அதுக்கு வழி இல்லேன்னா, நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதிடாதீங்க.”