முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஒரு சிரிப்பு

கதை எழுதத் துணிந்ததற்காக முதலில் வாசகர்களிடம் மன்னிப்பை வேண்டிக்கொள்கிறேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் அதன்மேல் ஆசிரியப் பயிற்சியும் முடித்திருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்தத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தத் திருத்தத்தால் விளைந்ததே இந்தக் கதை என்பதால், எழுதும் கடமையும் எனக்கே என்று கருதினேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, பள்ளி வேலைக்குக் காத்திருந்த நாட்களில், காரைக்காலில் முகம்மது இப்ராஹிம் பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆறு கணினிகள் இருந்தன. தட்டச்சுத் தெரியாதவர்களுக்கு உதவுவதும் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. என் பெயர் ஆன்லின் என்றாலும், அங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'.

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குக் கவியரசன் வருவார். கருக்களாச்சேரிக்காரர். விசைப்படகில் என்ஜின் டிரைவர். அவருடைய தாய்மாமன் மகள் நந்தினி மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. இருவருக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. அடுத்த மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் முடியும். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த நாட்களில் கல்யாணம். அதுவரைக்கும் யாஹூ மெசஞ்சர்தான்.

கவியரசன் ஒற்றை விரலால் தட்டுவார். ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரு வாக்கியம் முடிவதற்குள் பாய் ஒரு டீ குடித்து முடித்துவிடுவார். ஆனாலும் முற்றுப்புள்ளியை மட்டும் அவர் விட்டதே இல்லை. அதுதான் என் கண்ணை முதலில் ஈர்த்தது. இரண்டாவதாக ஈர்த்தது, அந்தப் புள்ளி நின்ற இடம். வாக்கியத்தை எழுதி, முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தட்டி, அதற்கும் அப்பால் முற்றுப்புள்ளி வைத்தார். திரையில் மஞ்சள் நிறச் சிரிப்பு மூஞ்சி ஒன்று முளைத்தது. அதன் வலது தாடையோரம் அந்தப் புள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது.

"கன்னத்துல மச்சம் வச்சிட்டீங்களே தம்பி," என்றார் பாய்.

"திருஷ்டிப் பொட்டு பாய். நம்ம மூஞ்சில கண்ணு பட்டுறக் கூடாதுல்ல."

நான் பணிவோடு குறுக்கிட்டேன். "தப்பா நினைச்சுக்காதீங்க. மூஞ்சி ஒரு சொல் இல்ல. வாக்கியத்தை முதல்ல புள்ளி வச்சு முடிச்சிரணும். அப்பறமா வெளிய மூஞ்சிய வைக்கணும். கடிதத்துக்குக் கீழ முத்திரை வைக்கிற மாதிரி."

கவியரசன் என்னைத் திரும்பிப் பார்த்து மிகுந்த மரியாதையோடு சிரித்தார்.

"வெளியவும் வைப்போம் டீச்சர். அது வேற. புள்ளிக்கு உள்ள இருந்தா சொன்னது வெளையாட்டு. வெளிய இருந்தா சொன்னது நெசம், சிரிப்பு சும்மா பாசத்துக்கு. நந்தினி போட்ட சட்டம்."

"மூஞ்சியே இல்லாம வெறும் புள்ளி வந்தா?" என்று பாய் கேட்டார்.

"அன்னைக்கு நான் செத்தேன் பாய்."

அப்போது திரையில் நந்தினியின் வரி வந்தது. 'உன்னை மாதிரி கறுப்பனை எவ கட்டுவா :).' அடுத்து இன்னொன்று. 'அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்ததுக்கு நன்றி. :)' கவியரசன் இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். "பாருங்க டீச்சர். முதல்ல சொன்னது பொய்யி. ரெண்டாவது நெசம்."

படிப்புக் குறைந்தவர்கள் தம் பிழைக்குச் சொல்லும் அழகான சமாதானம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், கவியரசன் ஓடி வந்தார். நெட் இல்லை. காலையிலிருந்தே இல்லை. படகு கிளம்பத் தயாராக நிற்கிறதென்றும், திரும்ப மூன்று நாளாகும் என்றும் சொன்னார்.

"நேத்து ராத்திரி பாத்தேன், நந்தினி மெயில் போட்டிருந்தா டீச்சர். இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கச் சொல்லிக் கேக்குறாங்களாம். சம்பளத்த ஏத்தித் தர்றாங்களாம். சனிக்கெழம ஆபீஸ் தொறந்ததும் கையெழுத்துப் போடவா வேணாமான்னு கேட்டிருக்கா. நான் சொல்றதுதானாம்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"வாடின்னு சொல்லணும். ஆனா போன்லயோ மெயில்லயோ வாடின்னு நேரா சொன்னா ஒரு வாரத்துக்கு ஓட்டுவா. 'மச்சானுக்கு இருப்புக் கொள்ளல'ன்னு மஸ்கட்டு பூரா சொல்லுவா." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "இது நம்ம வழில எழுதிருக்கேன். நெட் வந்ததும் என் ஐடியிலேருந்து தட்டி விட்டுருங்க. பாஸ்வேர்டு அவ பேருதான், பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு."

"அதக் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டம்தான்," என்றார் பாய்.

கவியரசன் போன பிறகு தாளை விரித்தேன். பந்துமுனைப் பேனாவால் உருண்டை உருண்டையாய்ச் சிரிப்பு மூஞ்சிகளை வரைந்திருந்தார். வாசகம் இதுதான்:

'தாராளமா கையெழுத்துப் போடு :). எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை :). இங்க உனக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்கல :). மாமா நல்லா இருக்காரு. :)'

இரவு எட்டு மணிக்கு இணைப்பு வந்தது. தட்டத் தொடங்கினேன். அவருடைய ஏழு எழுத்துப் பிழைகளைச் சரிசெய்தேன். நான்கு வரிகளில் மூன்றில் புள்ளி மூஞ்சிக்குப் பின்னால் நின்றது. நான்காவதில் முன்னால் நின்றது. ஒரே கடிதத்தில் இரண்டு விதமாக இருப்பது சீர்மைக் குறைவு. ஒரு வரியை அவரே சரியாக எழுதியிருக்கிறாரே, அவசரத்தில் மற்ற மூன்றும் தவறியிருக்கும் என்று எண்ணினேன். மூன்று முற்றுப்புள்ளிகளையும் தூக்கி மூஞ்சிகளுக்கு முன்னால் வைத்தேன். நான்கு வரிகளும் வகுப்பில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப்போல் ஒழுங்காயின. மனநிறைவோடு அனுப்பினேன்.

ஞாயிறு மாலை கவியரசன் வந்தார். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தார்.

"என்ன டீச்சர், நல்லாத் திட்டிருப்பாளே?" என்று கேட்டுக்கொண்டே அஞ்சலைத் திறந்தார்.

'சரி மச்சான். கையெழுத்துப் போட்டுட்டேன். நீயும் நல்லா இரு. :)'

முதலில் உரக்கச் சிரித்தார். "பாத்தீங்களா, எனக்கே வெளையாட்டுக் காட்டுறா." பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"புள்ளிக்கு வெளிய இருக்கு," என்றார்.

தன் பெயரில் அனுப்பியிருந்த அஞ்சல்களைத் திறந்து தன் கடிதத்தைப் படித்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இந்தப் புள்ளியெல்லாம் யாரு டீச்சர் நவுத்துனது?"

"நான்தாங்க. சீரா இருக்கட்டுமேன்னு..."

"தாராளமா போடு, புள்ளி. அவசரம் இல்ல, புள்ளி. யாரும் காத்துக்கிட்டு இருக்கல, புள்ளி." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. "அவ கேட்டதுக்கு மூணு தடவ கதவச் சாத்திட்டு, வெளிய நின்னு பல்லக் காட்டிருக்கேன்."

பாய் எழுந்து பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவரை அழைத்துச் சென்றார். நானும் பின்னால் போனேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. அவர் பேச்செல்லாம் வெளியே கேட்டது.

"நான் எழுதல புள்ள! நான் உள்ளதான் வச்சேன்! ... இல்ல, மூஞ்சிய. மூஞ்சியத்தான் உள்ள வச்சேன். டீச்சர் எடுத்து வெளிய வச்சிட்டாங்க. ... எந்த டீச்சரா? பாய் கடை டீச்சர்! ... நீ அழுதியா? எதுக்கு அழுத? ... போன் போட்டியா? கடல்ல ஏது புள்ள டவர்?"

பிறகு மிக மெல்லக் கேட்டார். "கையெழுத்துப் போட்டதத் திரும்ப வாங்க முடியாதா? ... பாஸ்போர்ட்டும் அவுங்ககிட்டயா?"

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். கை கூப்பியவர் அவர்.

"விடுங்க டீச்சர். ரெண்டு வருசம்தான. நான் என்ன ஓடியா போயிரப் போறேன்?"

"இதுல மூஞ்சி உள்ளயா வெளியயா தம்பி?" என்று பாய் கேட்டார்.

"இன்னைக்கு வெறும் புள்ளிதான் பாய்," என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் என் முகவரியிலிருந்தே நந்தினிக்கு நீண்டதொரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். எல்லா வாக்கியங்களும் இலக்கணப்படி முடிந்திருந்தன. மூஞ்சி எதுவும் வைக்கவில்லை. எங்கே வைப்பதென்று முடிவு செய்யும் துணிவு எனக்கு இல்லை. கவியரசன் எழுதிய தாளையும் பாய் கடை ஸ்கேனரில் படம் எடுத்து இணைத்தேன். அந்த உருண்டை மூஞ்சிகள் எந்தப் பக்கம் நின்றன என்பதை அவள் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று.

ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் வந்தது.

'டீச்சர், தாளைப் பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன். மச்சானுக்கு மூஞ்சி வரையவே வரலை. :) நீங்க செஞ்சதை நான் சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன் :).'

கடைசி வரியை மட்டும் பாயிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். சாகும்வரை மன்னிக்க மாட்டாளாம் என்று சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது.

"மூஞ்சி எங்கம்மா இருக்கு?" என்றார் பாய்.

பார்த்தேன். புள்ளிக்கு முன்னால் இருந்தது.

"அப்பறம் எதுக்கு அழுவுற? எம்.ஏ. படிச்ச புள்ள, வாசிக்கத் தெரியல."

நந்தினி இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் கவியரசன் வருகிறார். ஒற்றை விரலால்தான் தட்டுகிறார். உதவட்டுமா என்று நான் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் தாளை என் கையில் தர மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

இழந்தவற்றைக் கணக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடைக்காலத்தில் நடந்திருக்க வேண்டிய கல்யாணம் ஒன்று. சேர்ந்து போயிருக்க வேண்டிய மாங்கனித் திருவிழா இரண்டு. நந்தினி மஸ்கட்டில் அழுத இரவு மூன்று. இது அவளே சொன்ன எண்ணிக்கை. கவியரசன் என் கையில் கொடுத்திருக்கக்கூடிய தாள்கள், எத்தனை என்று தெரியாது. இடம் மாறிய முற்றுப்புள்ளிகள், மூன்று.